கடைவாய்ப்பல் நகராமல் முன்பல்லை நகர்த்தும் குட்டித் திருகு

துருத்தி நிற்கும் மேல் முன்பற்களை உள்ளே கொண்டுவர வேண்டுமானால் அவை போய் நிற்பதற்கு இடம் வேண்டும். அந்த இடத்துக்காகக் கோரைப்பல்லை அடுத்துள்ள முதல் முன்கடைவாய்ப்பல்லை இருபுறமும் எடுத்துவிடுவது பல் சீரமைப்பில் நெடுநாளைய வழக்கம். ஒரு பல்லை எடுத்தால் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும். இடைவெளிக்கு முன்னால் கோரைப்பல்லும் வெட்டுப்பற்களும் இருக்கின்றன. பின்னால் இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லும் கடைவாய்ப்பற்களும் இருக்கின்றன. பற்களில் பிராக்கெட் ஒட்டி, கம்பி மாட்டி, முன்பற்களையும் கடைவாய்ப்பல்லையும் ஒரு ஸ்பிரிங்கால் இணைத்தால் இடைவெளி மெல்ல மூடத் தொடங்கும். முன்பற்கள் பின்வாங்கியதால் எவ்வளவு மூடியது, கடைவாய்ப்பல் முன்னால் வந்ததால் எவ்வளவு மூடியது என்பதில்தான் சிகிச்சையின் வெற்றி இருக்கிறது.

ஸ்பிரிங்குக்கு முன், பின் என்ற பேதம் தெரியாது. ஒரு முனையை எவ்வளவு விசையோடு இழுக்கிறதோ அவ்வளவு விசையோடுதான் மறுமுனையையும் இழுக்கும். ஒரு படகில் அமர்ந்து கயிற்றால் இன்னொரு படகை இழுத்தால் இரண்டுமே நகரும்; பெரிய படகு குறைவாக நகரும், அவ்வளவுதான். கரையில் நட்ட முளையில் கயிற்றைக் கட்டி இழுத்தால்தான் ஒரு படகு மட்டும் நகரும். கடைவாய்ப்பல் மூன்று வேர் கொண்ட பெரிய படகு. அதன் நகர்வைக் குறைக்கலாம், நிறுத்த முடியாது. இப்படி நகராமல் நிற்கும் திறனைப் பல் சீரமைப்பு மருத்துவர்கள் பிடிமானம் என்கிறார்கள். வழக்கமான முறையில் பிடிமானத்துக்கு நம்பியிருக்கும் பற்களே கொஞ்சம் முன்னால் வழுக்கி வந்து, முன்பற்களுக்காக உண்டாக்கிய இடத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். இதற்குப் பிடிமான இழப்பு என்று பெயர்.

எலும்பில் உறுதியாகப் புதைந்திருக்கும் பல் எப்படி நகர்கிறது? பல்லின் வேர் எலும்பை நேரடியாகத் தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே கால் மில்லிமீட்டர்கூட இல்லாத மெல்லிய நார்த்திசு ஒன்று வேரைச் சுற்றி உறைபோல் இருக்கிறது. பல்லை ஒரு பக்கமாக விடாமல் தள்ளினால், அழுத்தப்படும் பக்கத்தில் இந்தத் திசு நசுங்கும். அங்கே எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் கூடும். எதிர்ப்பக்கத்தில் திசு இழுபடும். அங்கே புதிய எலும்பு உருவாகும். இப்படிக் கரைவதும் வளர்வதுமாக, மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவில் பல் எலும்பினூடே ஊர்கிறது. விசையை உணர்ந்து எலும்புக்குச் சேதி சொல்வது அந்த நார்த்திசுதான். அடிபட்டு, நார்த்திசு அழிந்து, எலும்போடு ஒட்டிப்போன பல்லை எவ்வளவு இழுத்தாலும் நகர்த்த முடியாததற்குக் காரணமும் இதுவே.

உலோகத் திருகுக்கு அந்த நார்த்திசு கிடையாது. எலும்பில் இறுகப் பதிந்த திருகிலிருந்து பல்லை இழுத்தால் பல்லைச் சுற்றியுள்ள எலும்பு மாறும். திருகைச் சுற்றியுள்ள எலும்பு அப்படி மாறாது. மினி ஸ்க்ரூ எனப்படும் குட்டித் திருகின் அடிப்படை இவ்வளவுதான்.

திருகு வருவதற்கு முன்பும் பிடிமானத்தைக் காப்பாற்ற வழிகள் இருந்தன. இரண்டு பக்கக் கடைவாய்ப்பற்களையும் அண்ணத்தின் குறுக்கே ஒரு கம்பியால் பிணைப்பது ஒரு வழி. தலையிலும் கழுத்திலும் பட்டை மாட்டி வெளியிலிருந்து கடைவாய்ப்பல்லைப் பின்னுக்கு இழுக்கும் ஹெட்கியர் இன்னொரு வழி. அண்ணக் கம்பி ஓரளவுக்குத்தான் தாங்கும். ஹெட்கியர் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் தினமும் 12 மணி நேரமாவது மாட்டியிருக்க வேண்டும். பள்ளி செல்லும் பிள்ளைகளே அதைக் கழற்றி வைத்துவிடுவார்கள். வேலைக்குப் போகிற பெரியவர்களிடம் கேட்கவே வேண்டாம். நோயாளியின் ஒத்துழைப்பை நம்பாத ஒரு பிடிமானம் வேண்டும் என்ற தேவைதான் திருகைத் தேட வைத்தது.

தேடல் எளிதில் பலிக்கவில்லை. 1945-இல் அமெரிக்காவில் கெயின்ஸ்ஃபோர்த், ஹிக்லி என்ற இருவர் நாய்களின் தாடையில் வைட்டாலியம் என்ற கலப்புலோகத் திருகுகளைப் பதித்துப் பற்களை இழுத்துப் பார்த்தார்கள். ஒரு மாதத்துக்குள் எல்லாத் திருகுகளும் தளர்ந்துவிட்டன. 1983-இல் கிரீக்மோர், எக்லண்ட் இருவரும் ஒரு நோயாளியின் மூக்குத் துவாரங்களுக்குக் கீழுள்ள எலும்பில் ஒரு திருகைப் பதித்து, மேல் வெட்டுப்பற்களை ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் மேலே ஏற்றிக் காட்டினார்கள். திருகு கடைசிவரை தளரவில்லை. 1997-இல் ஜப்பானைச் சேர்ந்த ரியூஸோ கனோமி, முக எலும்பு முறிவில் தகடுகளைப் பொருத்தப் பயன்படும் 1.2 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள திருகையே எடுத்து இரண்டு பற்களின் வேர்களுக்கு நடுவே பதித்தார். செயற்கைப் பல் கட்டப் பயன்படும் இம்ப்ளாண்ட் பருமனானது. பல் இல்லாத வெற்றிடத்தில்தான் வைக்க முடியும். வேர்களின் சந்தில் நுழையும் அளவுக்குத் திருகு ஒல்லியானதும், பல் இருக்கும் இடத்திலேயே பிடிமானம் கிடைத்தது. அதன் பிறகு கொரியாவிலும் ஜப்பானிலும் தைவானிலும் இந்த முறை வேகமாக வளர்ந்தது.

இன்று பயன்படும் திருகுகள் பெரும்பாலும் 1.3 முதல் 2 மில்லிமீட்டர் வரை குறுக்களவும், 6 முதல் 12 மில்லிமீட்டர் வரை நீளமும் உள்ளவை. பெரும்பாலானவை டைட்டானியத்தோடு அலுமினியமும் வனேடியமும் சேர்ந்த கலப்புலோகத்தில் செய்யப்படுகின்றன. தூய டைட்டானியத்தைவிட இது வலுவானது. அதனால் ஒல்லியாகச் செய்தாலும் எளிதில் முறியாது. இதன் வழுவழுப்பான மேற்பரப்பில் எலும்பு முழுதாக ஒட்டி வளர்வதும் இல்லை. செயற்கைப் பல் இம்ப்ளாண்டில் எலும்பு நன்றாக ஒட்ட வேண்டும் என்று மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவார்கள். குட்டித் திருகு ஒன்றிரண்டு ஆண்டில் கழற்ற வேண்டிய பொருள் என்பதால், மரை எலும்பைக் கவ்விப் பிடிக்கும் பிடியே அதற்குப் போதும்.

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் திருகின் பயன் தெளிவாகும். இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருவருக்கு மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களைவிட 9 மில்லிமீட்டர் முன்னால் நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். இயல்பான அளவு 2 முதல் 3 மில்லிமீட்டர். ஆகவே முன்பற்கள் 6 மில்லிமீட்டர் பின்வாங்க வேண்டும். கீழ்ப் பற்கள் ஒழுங்காக இருப்பதால் மேலே மட்டும் இருபுறமும் ஒவ்வொரு முன்கடைவாய்ப்பல்லை எடுக்க முடிவாகிறது. பக்கத்துக்கு 7 மில்லிமீட்டர் இடம் கிடைக்கும். முன்பற்கள் சற்றே நெருக்கியடித்து நிற்பதால், அவற்றை வரிசைப்படுத்தவே பக்கத்துக்கு 1 மில்லிமீட்டர் செலவாகிவிடும். மீதி இருப்பது சரியாக 6. கடைவாய்ப்பல் 2 மில்லிமீட்டர் முன்னால் வழுக்கினால், முன்பற்களுக்குக் கிடைப்பது 4 மட்டுமே. இடைவெளி முழுதாக மூடிய பிறகும் பற்கள் 5 மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருக்கும். இரண்டு நல்ல பற்களை எடுத்தும் முகத்தில் மாற்றம் போதாது. இவருக்குத் திருகு தேவை என்று சொல்ல இந்தக் கணக்கே போதுமானது. மாறாக, 3 மில்லிமீட்டர் பின்வாங்கினால் போதும் என்ற நிலையில் இருப்பவருக்குத் திருகே வேண்டியதில்லை. கிடைக்கிறது என்பதற்காக எல்லோருக்கும் திருகு வைப்பது தேவையற்ற வேலை.

முதல் சில மாதங்கள் வழக்கமான சிகிச்சைதான். மெல்லிய கம்பியில் தொடங்கிப் படிப்படியாகத் தடித்த கம்பிக்கு மாறி, பற்கள் வரிசைக்கு வந்தபின் செவ்வக வெட்டுமுகம் கொண்ட ஸ்டீல் கம்பி ஒன்றைப் பொருத்துவார்கள். இழுக்கும்போது முன்பற்கள் கண்டபடி சாயாமல் இருக்க இந்தக் கம்பியின் விறைப்பு தேவை. அதன் பிறகே திருகு.

திருகு போகும் இடம் பெரும்பாலும் இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லுக்கும் முதல் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே, கன்னத்தை நோக்கிய பக்கம். மேல்தாடையில் வேர்களுக்கிடையே கொஞ்சம் தாராளமான இடம் அங்கேதான் உண்டு. தாராளம் என்றாலும், ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான். 1.5 மில்லிமீட்டர் திருகு நட்டநடுவே போனால், இருபுறமும் வேருக்கு முக்கால் மில்லிமீட்டர் மிஞ்சும். சற்றுச் சரிந்தாலும் வேரைத் தொட்டுவிடும் என்பதால், முதலில் எக்ஸ்ரேயில் இடைவெளியை அளந்துகொள்வார்கள். வேர் நுனியை நோக்கி மேலே போகப் போக இடைவெளி கூடும். ஆனால் விரும்பிய அளவு மேலே போக முடியாது. பல்லின் கழுத்தை ஒட்டி எலும்போடு இறுக ஒட்டிய ஈறு சில மில்லிமீட்டர் அகலத்துக்குத்தான் இருக்கிறது; அதற்கு மேலே கன்னத்தோடு சேர்ந்து அசையும் தளர்ந்த சதை தொடங்குகிறது. திருகின் தலை தளர்ந்த சதையில் இருந்தால், பேசும்போதும் மெல்லும்போதும் சதை உரசி வீங்கும், சில சமயம் தலையையே மூடிவிடும். ஆகவே இறுகிய ஈறு முடியும் எல்லைக்கு அருகே நுழைந்து, சற்று மேல்நோக்கிச் சாய்த்துச் செலுத்துவது வழக்கம். சாய்வாகப் போகும் திருகு எலும்பின் கெட்டியான மேல் ஓட்டில் கூடுதல் தூரம் பதியும்; வேர்கள் அகன்று நிற்கும் பகுதியையும் எட்டும்.

மரத்துப்போகும் மருந்து ஈறும் எலும்பின் மேற்புறமும் மரக்கும் அளவுக்குச் சிறிதே செலுத்தப்படும். அதிகம் செலுத்தாததற்குக் காரணம் உண்டு. வேரைச் சுற்றிய நார்த்திசுவின் உணர்ச்சி மரக்காமல் இருந்தால், திருகு வேரை நெருங்கும்போது நோயாளிக்குச் சுரீரென்று தெரியும்; மருத்துவர் உடனே நிறுத்தித் திசை மாற்றலாம். எலும்புக்கு உணர்ச்சி நரம்பு குறைவு என்பதால், திருகு சரியாகப் போகும்போது நோயாளி உணர்வது அழுத்தம் மட்டுமே. திருகு தன் நுனியால் தானே வழி துளைத்துக்கொண்டு போகும் வகையாக இருந்தால், கையால் சுழற்றும் சிறு ஸ்குரூடிரைவரே போதும். மெதுவாகச் சுழற்ற வேண்டும். வேகமாகச் சுழற்றினால் உராய்வில் எலும்பு சூடாகி அங்கே செத்துப்போகும். செத்த எலும்பு திருகைப் பிடிக்காது. சுழற்றும்போது கைக்கு வரும் எதிர்ப்பு ஒரு முக்கியமான சேதி. எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனால் எலும்பு மெலிந்திருக்கிறது, பிடிமானம் கிடைக்காது. திடீரென்று எதிர்ப்பு கூடி, மேலே போகவே மறுத்தால் வேரில் மோதியிருக்கலாம். வலிந்து திருகினால் வேர் காயப்படும் அல்லது திருகு முறியும். முழுதாகச் செலுத்தியபின் இடுக்கியால் அசைத்துப் பார்ப்பார்கள். அப்போதே ஆடும் திருகு பிறகு ஒருபோதும் இறுகாது; எடுத்துவிட்டு வேறிடம் பார்ப்பதே சரி.

இந்தத் திருகில் அன்றைக்கே கூட மெல்லிய விசையை மாட்டலாம். இழுப்பின் அளவு பக்கத்துக்கு ஏறத்தாழ 150 கிராம். அதிக விசை கொடுத்தால் சீக்கிரம் முடியும் என்று தோன்றலாம்; ஆனால் அழுத்தப்படும் பக்கத்து நார்த்திசுவில் இரத்த ஓட்டமே நின்று, எலும்பு கரைவது தாமதமாகும், வேர் நுனியும் கரையக்கூடும். ‘பவர் செயின்’ எனப்படும் ரப்பர் சங்கிலி மலிவானது, ஆனால் மாட்டிய முதல் நாளிலேயே இழுவிசையில் பாதியளவை இழந்துவிடும். நிக்கல்-டைட்டானியம் ஸ்பிரிங் பல வாரங்களுக்கு ஏறத்தாழ ஒரே விசையைத் தரும்.

எந்த உயரத்திலிருந்து எந்த உயரத்துக்கு இழுக்கிறோம் என்பது அனுபவமில்லாத கைகள் அதிகம் தவறுகிற இடம். திருகு கம்பியைவிடப் பல மில்லிமீட்டர் மேலே, ஈற்றில் இருக்கிறது. அங்கிருந்து கோரைப்பல்லுக்கு அருகே கம்பியில் உள்ள கொக்கிக்கு ஸ்பிரிங்கை மாட்டினால், விசை பின்னோக்கி மட்டுமல்ல, சற்று மேல்நோக்கியும் இருக்கும். முன்பற்களின் எதிர்ப்பு மையம் எலும்புக்குள், வேர்ப் பகுதியில் இருக்கிறது. கொக்கி குட்டையாக இருந்தால், விசை அந்த மையத்துக்கு வெகு கீழே செல்லும். பல்லின் வெளியே தெரியும் பகுதி பின்னால் சாயும், வேர் இருந்த இடத்திலேயே நிற்கும். துருத்தல் குறைந்ததுபோலத் தெரிந்தாலும், பற்கள் உள்பக்கமாகக் கவிழ்ந்து கிடக்கும். கொக்கியை 6, 7 மில்லிமீட்டர் உயரமாக வைத்தால் விசை மையத்தை நெருங்கி, வேரும் சேர்ந்து பின்வாங்கும்.

இன்னொரு விளைவும் உண்டு. கம்பியும் பிராக்கெட்டும் உராய்ந்து சிக்கிக்கொண்டால் அல்லது இடைவெளி முழுதும் மூடிய பிறகும் ஸ்பிரிங் தொடர்ந்து இழுத்தால், விசை கம்பி வழியாக எல்லாப் பற்களுக்கும் போய்விடும். அப்போது மேல்வரிசை முழுதும் ஒரே துண்டாகப் பின்னால் நகரும், சுழலவும் செய்யும். சுழற்சியில் கடைவாய்ப்பற்கள் எலும்புக்குள் சற்றே அமிழ்ந்து, கீழ்க் கடைவாய்ப்பற்களைத் தொடாமல் போகலாம். இதை வருமுன் கண்டுபிடிப்பது எளிது: ஒவ்வொரு முறையும் கடைவாய்ப்பற்களுக்கிடையே மெல்லிய தாளை வைத்துக் கடிக்கச் சொன்னால், தாள் பிடிபடுகிறதா நழுவுகிறதா என்று தெரிந்துவிடும். வரிசை முழுதும் பின்னால் நகரும்போது, இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லின் வேர் திருகை நோக்கி வருகிறது என்பதையும் மறக்கக் கூடாது. முக்கால் மில்லிமீட்டர் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். பிறகு வேர் திருகில் முட்டி நிற்கும், திருகும் தளரும். சில நோயாளிகளுக்கு முழுவரிசையையும் வேண்டுமென்றே பின்னால் தள்ளுவது உண்டு. அவர்களுக்குத் திருகை வேர்களின் சந்தில் வைக்காமல், கன்ன எலும்பின் அடிப்பகுதியிலோ அண்ணத்திலோ வைப்பதன் காரணம் இதுதான்.

திருகு அசையாத புள்ளி என்பதும் முழு உண்மை ஆகாது. 2004-இல் தைவானைச் சேர்ந்த எரிக் லியூவும் உடனிருந்தவர்களும் மேல்தாடையில் வைத்த திருகுகளை மாதக்கணக்கில் விசைக்கு உட்படுத்தி அளந்தபோது, அவை இறுக்கம் குறையாமலே சராசரியாக 0.4 மில்லிமீட்டர் முன்பக்கம் சாய்ந்திருந்தன. சில நோயாளிகளிடம் சாய்வு ஒரு மில்லிமீட்டரையும் தாண்டியது. எனவே வேருக்கும் திருகுக்கும் 2 மில்லிமீட்டர் இடம் விடுவது நல்லது என்று அவர்கள் சொன்னார்கள். வேர்களின் சந்தில் அவ்வளவு இடம் அநேகமாகக் கிடைப்பதில்லை. சாய்ந்தாலும் கடைவாய்ப்பல்லோடு ஒப்பிட்டால் இது சிறு தொகைதான். 2014-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, எலும்பில் பதித்த பிடிமானம் வழக்கமான முறைகளைவிடக் கடைவாய்ப்பல்லின் முன்நகர்வைச் சராசரியாக 1.7 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைக்கிறது என்று கணித்தது. மேலே சொன்ன பெண்ணின் கணக்கில் 1.7 மில்லிமீட்டர் என்பது பெரிய தொகை.

நூறு திருகுகள் வைத்தால் பதின்மூன்று பதினான்கு, வேலை முடியும் முன்பே தளர்ந்துவிடுகின்றன என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கணக்கு. பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குள் இது நடக்கிறது. செலுத்திய கணத்தில் திருகை இறுக்கிப் பிடித்திருந்த பழைய எலும்பு, அடுத்த வாரங்களில் கொஞ்சம் கரைகிறது. புதிய எலும்பு வந்து பிடிப்பதற்குள் ஒரு பலவீனமான இடைக்காலம் இருக்கிறது. அந்தச் சமயத்தில் திருகைச் சுற்றி ஈறு அழற்சி வந்தாலோ, நாக்கும் விரலும் ஓயாமல் அதை நெருடினாலோ பிடி விட்டுப்போகும். மென்மையான பிரஷ்ஷால் திருகின் தலையைச் சுற்றித் தினமும் துலக்குவது சிகிச்சையின் ஒரு பகுதி. கீழ்த்தாடை எலும்பு மேல்தாடையைவிடக் கெட்டியானது. ஆனால் திருகு அங்கேதான் அதிகம் தளர்கிறது. கெட்டியான எலும்பு எளிதில் சூடேறுவதும், இறுகிய ஈறு அங்கே குறுகலாக இருப்பதும் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. இளம் சிறுவர் சிறுமியருக்கு எலும்பு இன்னும் முற்றவில்லை, முளைக்காத பற்களும் உள்ளே கிடக்கும் என்பதால், வேர்களின் சந்தில் திருகு வைப்பதை மருத்துவர்கள் தவிர்ப்பார்கள்.

தளர்வதை நோயாளியே கண்டறியலாம். முதல் ஓரிரு நாள் வலி இயல்பு. அது போன பிறகு மீண்டும் வலித்தால், சுற்றி ஈறு சிவந்து வீங்கினால், நாக்கால் தொடும்போது தலை ஆடுவது தெரிந்தால், திருகு சாய்ந்து ஈற்றில் புதைந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கடிக்கும்போது ஒரு குறிப்பிட்ட பல் மட்டும் கூசினால், வேரைத் திருகு தொடுகிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். வேரின் மேற்பூச்சு மட்டும் உரசப்பட்டிருந்தால், திருகை எடுத்துவிட்ட சில மாதங்களில் அது தானாகவே ஆறும். நரம்புக்குழிவரை துளைத்துவிட்டால் வேர் சிகிச்சை தேவைப்படும், அது அரிது.

அந்தப் பெண்ணுக்கு மாதத்துக்கு முக்கால் மில்லிமீட்டர் வேகத்தில் 6 மில்லிமீட்டர் மூட எட்டு மாதம் ஆகும். திருகு பிடிமானத்தைத்தான் தருகிறது. எலும்பு கரையும் வேகத்தை அது கூட்டுவதில்லை. ஆகவே திருகு வைத்தால் சிகிச்சை சீக்கிரம் முடியும் என்ற விளம்பரங்களை அப்படியே நம்பத் தேவையில்லை. கடைவாய்ப்பல் முன்னால் வராததால் இடைவெளி முழுதையும் முன்பற்களே கடந்து வர வேண்டும். சில சமயம் அதற்குக் கூடுதல் மாதங்களே பிடிக்கும். பற்கள் 6 மில்லிமீட்டர் பின்வாங்கினால் உதடும் அதே அளவு உள்ளே போகும் என்று எதிர்பார்க்கக் கூடாது. உதட்டின் தடிமனைப் பொறுத்து அதைவிடக் குறைவாகவே போகும்.

இடைவெளி மூடியதும் திருகை உடனே எடுப்பதில்லை. கோணங்களைச் சரிசெய்யும் கடைசி மாதங்களிலும், மூடிய இடம் மீண்டும் திறக்காமல் கட்டிவைக்க அது உதவும். எடுக்கும்போது பெரும்பாலும் ஊசி தேவைப்படாது. அதே ஸ்குரூடிரைவரால் எதிர்த்திசையில் சுழற்றினால் வந்துவிடும். எலும்பு இறுக ஒட்டித் திருக வராமல் போனால் வலிந்து முறிக்காமல், சில நாட்கள் விட்டு மறுபடி முயல்வார்கள். முதல் அசைப்பே பிடியைத் தளர்த்தியிருக்கும். ஈற்றில் உள்ள துளை சில நாளில் மூடிக்கொள்ளும், தையல் வேண்டாம். உள்ளேயிருக்கும் எலும்புத் துளையும் அடுத்த சில மாதங்களில் புதிய எலும்பால் நிரம்பிவிடும்.